'தேவையான அளவு' என்றால் எவ்வளவு?

வீட்டு நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் சமையல் குறிப்பு பெரும்பாலும் எழுதியவருக்காகவே எழுதப்பட்டது. தினமும் செய்து கைக்குப் பழகிப்போனதை யாரும் எழுதி வைப்பதில்லை. மறந்துவிடுமோ என்று தோன்றுவதை மட்டுமே எழுதுகிறார்கள். அதனால் எழுதியவர் அடுப்படியில் நின்றவரை அந்தக் குறிப்பில் ஒரு குறையும் தெரிவதில்லை. அதே தாள் மகளுக்கோ பேரனுக்கோ வந்து சேர்ந்து, அவர்கள் வேறு ஊரில் வேறு பாத்திரத்தில் சமைக்கத் தொடங்கும்போதுதான் ஓட்டைகள் தெரிகின்றன. அந்த ஓட்டைகள் மூன்று இடங்களில் இருக்கும். அளவு விட்டுப்போயிருக்கும், வேலைகளின் வரிசை மாறியிருக்கும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற பதம் தெளிவாக இருக்காது.

இவற்றைக் கண்டுபிடிக்க உடனே அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதில்லை. பாதிக் குறைகளைப் பென்சிலை வைத்துக்கொண்டு தாளிலேயே பிடித்துவிடலாம். மீதியை ஒரு தராசும் ஒரு முழுச் சமையலும் காட்டிக்கொடுக்கும். எடுத்துக்காட்டாக, பல வீட்டு நோட்டுகளில் ஏறத்தாழ இதே வடிவில் காணக்கூடிய ஒரு சாம்பார்க் குறிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

"துவரம்பருப்பு 1 ஆழாக்கு, புளி எலுமிச்சை அளவு, முருங்கைக்காய் 2, கத்திரிக்காய் 4, சின்ன வெங்காயம் ஒரு கை, தக்காளி 2, சாம்பார்ப் பொடி 3 ஸ்பூன், உப்பு, பெருங்காயம் தேவையான அளவு. தாளிக்க: கடுகு, வெந்தயம், மிளகாய் வற்றல், கறிவேப்பிலை. பருப்பை 3 விசில் விட்டு வேகவைக்கவும். புளியைக் கரைத்து அடுப்பில் வைத்துப் பொடி, உப்பு, காய்களைப் போட்டுக் கொதிக்கவிடவும். வெங்காயம், தக்காளியை வதக்கிச் சேர்க்கவும். பச்சை வாசனை போனதும் பருப்பைக் கொட்டவும். கெட்டியானதும் தாளித்துக் கொட்டி மல்லித்தழை தூவி இறக்கவும்."

வாசிக்கும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தோன்றும். சாம்பார் வைக்கத் தெரிந்தவர் இதை வைத்து நல்ல சாம்பாரே வைத்துவிடுவார். அவர் சமைப்பது குறிப்பைப் பார்த்து அல்ல, தன் பழக்கத்தை வைத்து என்பது அவருக்கே தெரியாது. குறிப்பைச் சரிபார்க்கிறவர் முதலில் விலக்க வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். தாளில் இல்லாத எதையும் மனத்தில் நிரப்பிக்கொள்ளாமல் படிக்க வேண்டும்.

முதல் வேலை, மேலே உள்ள சாமான் பட்டியலையும் கீழே உள்ள செய்முறையையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளையும் செய்முறையில் தேடி, கிடைத்ததும் இரண்டு இடத்திலும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இந்தக் குறிப்பில் பெருங்காயம் புள்ளி இல்லாமல் நிற்கும். பட்டியலில் வந்திருக்கிறது, எப்போது போடுவது என்று எங்கும் இல்லை. பிறகு திருப்பிப் பார்க்க வேண்டும். செய்முறையில் மல்லித்தழை வருகிறது, பட்டியலில் இல்லை. "வதக்கவும்", "தாளித்து" என்ற இரண்டு சொற்களுமே எண்ணெய் கேட்கின்றன. எண்ணெயின் பேரே எங்கும் இல்லை. "கரைத்து" என்பதும் "வேகவைக்கவும்" என்பதும் தண்ணீர் கேட்கின்றன, அதுவும் இல்லை. வீட்டுக் குறிப்புகளில் அதிகமாக விட்டுப்போகும் பொருள் தண்ணீர்தான். குழாயைத் திறந்தால் வருவதை யாரும் சாமானாக எண்ணுவதில்லை. ஆனால் சாம்பார் நீர்த்துப்போவதும் குழைந்துபோவதும், உப்பு ஏறுவதும் குறைவதும் அந்தத் தண்ணீரைப் பொறுத்தே இருக்கின்றன.

ஆகவே பெயர்ச்சொற்களை மட்டும் பார்த்தால் போதாது, வினைச்சொற்களையும் பார்க்க வேண்டும். வதக்கு, கரை, ஊறவை, அரை, தாளி என்று வரும் ஒவ்வொரு வினையும் எழுதப்படாத ஒரு பொருளையோ நேரத்தையோ தனக்குள் வைத்திருக்கும். "புளியைக் கரைத்து" என்ற இரண்டு சொல்லுக்குள் வெந்நீரில் கால்மணி நேரம் ஊறவைக்கும் வேலை ஒளிந்திருக்கிறது. இதைத் தனி வரியாக வெளியே எடுத்து எழுதாவிட்டால், புதிதாகச் சமைக்கிறவர் பருப்பு வெந்த பிறகுதான் புளி உருண்டையைத் தண்ணீரில் போடுவார்.

இந்தப் பொருத்தலால் பிடிக்க முடியாத ஒன்றும் இந்தக் குறிப்பில் இருக்கிறது. மஞ்சள்தூள் பட்டியலிலும் இல்லை, செய்முறையிலும் இல்லை. இரண்டு பக்கமும் இல்லாததை இரண்டையும் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு, குறிப்பின் சொந்தக்காரர் சமைக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது ஒன்றே வழி. அவர் பருப்பைக் குக்கரில் வைக்கும்போதே ஒரு சிட்டிகை மஞ்சளும் சில சொட்டு நல்லெண்ணெயும் விடுவார். கேட்டால், "பருப்புன்னா அதெல்லாம் போட்டுத்தான் வேகவைப்பாங்க" என்பார். அவருக்கு அது சாம்பாரில் சேர்ந்ததல்ல, பருப்பில் சேர்ந்தது.

அடுத்தது அளவு. ஆழாக்கு என்பது ஒரு காலத்தில் திட்டமான அளவுதான். எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறியிருந்தது. 1956-இல் வந்த எடை அளவுச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆழாக்கை இப்போது சுமார் 168 மில்லி என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு ஆழாக்குத் துவரம்பருப்பு ஏறத்தாழ 140 கிராம் வரும். ஆனால் நோட்டில் "ஆழாக்கு" என்று எழுதியவர் எதைச் சொன்னார் என்பது வேறு விஷயம். பல வீடுகளில் அரிசிப் பானைக்குள் கிடக்கும் பழைய டம்ளருக்கே அந்தப் பெயர். அந்த டம்ளர் இன்னும் வீட்டில் இருந்தால், அதில் தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்துவிடலாம். தண்ணீர் எத்தனை கிராம் இருக்கிறதோ அத்தனை மில்லி அந்த டம்ளர். 150 வந்தாலும் 200 வந்தாலும் அதையே குறிப்பில் எழுத வேண்டும். புத்தகத்தில் உள்ள ஆழாக்குக் கணக்கைவிட அந்த வீட்டு டம்ளரின் கணக்கே இங்கே உண்மையானது.

எலுமிச்சை அளவுப் புளி என்பதில் இன்னும் பெரிய இடைவெளி இருக்கிறது. எலுமிச்சையிலேயே சிறிதும் பெரிதும் உண்டு. புளியை இறுக்கி உருட்டினால் ஒரு எடை, உதிரியாக அள்ளினால் ஒரு எடை. கொட்டையும் நாரும் கலந்திருந்தால் இன்னொரு எடை. ஒரே "எலுமிச்சை அளவு" ஒருவர் கையில் 15 கிராமாகவும் இன்னொருவர் கையில் 30 கிராமாகவும் வரலாம். புளிப்பு இரட்டிப்பாகிவிட்டால் அதன் பிறகு வெல்லமோ உப்போ போட்டு அதைச் சரிக்கட்டுவது கடினம். "3 ஸ்பூன்" என்பதும் அப்படித்தான். தலை தட்டிய ஸ்பூனா, குவித்ததா? டீஸ்பூனா, குழம்புக்கு வைத்திருக்கும் கரண்டியா? குவித்த ஸ்பூனில் தலை தட்டியதைப்போல இரண்டு மடங்கு பொடி ஏறிவிடக்கூடும்.

கைக்கணக்கை எடைக் கணக்காக மாற்ற, சமைக்கிறவரை அளந்து போடச் சொல்லக் கூடாது. அளக்கச் சொன்னதுமே அவர் கை தடுமாறும். வழக்கமாகப் போடுவதைவிடக் கூட்டியோ குறைத்தோ போடுவார். "எவ்வளவு உப்பு பாட்டி?" என்றால் "கைக்குத் தெரியும் கண்ணு" என்ற பதில்தான் வரும், அந்தப் பதில் உண்மையும்கூட. அதனால் அவரை விட்டுவிட்டு ஜாடியை அளக்க வேண்டும். சமையலுக்கு முன்னால் உப்பு ஜாடி, பொடி டப்பா, எண்ணெய்ச் செம்பு எல்லாவற்றையும் தனித்தனியாக எடைபோட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சமையல் முடிந்ததும் மறுபடியும் எடைபோட வேண்டும். குறைந்த எடைதான் அவர் போட்ட அளவு. புளியை மட்டும் அவர் உருட்டி எடுத்ததும் ஒரு கிண்ணத்தில் வாங்கித் தராசில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தண்ணீருக்கு, அளவு தெரிந்த ஒரு குடத்திலோ ஜாடியிலோ நிரப்பி வைத்து, அன்றைய சாம்பாருக்கு அதிலிருந்து மட்டுமே எடுக்கச் சொல்ல வேண்டும். கிராம் காட்டும் சிறிய சமையலறைத் தராசு இதற்குப் போதும். பெருங்காயம் போன்ற மிகச் சிறிய அளவுகளை அதில் நம்ப முடியாது. அவற்றைக் கால் டீஸ்பூன், சுண்டைக்காய் அளவு என்று எழுதுவதே மேல்.

ஒரு நாள் அளவு போதாது. மூன்று தடவையாவது எடுத்துப் பார்த்தால், எது நிலையாக இருக்கிறது, எது ஆடுகிறது என்று தெரியும். பருப்பும் பொடியும் ஏறத்தாழ ஒன்றாகவே வரும். புளி மாறும், ஏனெனில் அவர் கரைசலை நாக்கில் வைத்துப் பார்த்து, மேலும் தண்ணீர் விட்டோ கொஞ்சம் ஒதுக்கியோ சரிசெய்கிறார். ஆடுகிற இடங்களில் ஒற்றை எண்ணை எழுதுவது தவறு. "25 கிராம்; புளிப்புக் குறைந்த புளியானால் 30 வரை" என்று எழுதுவதே நேர்மையானது.

உப்பை மட்டும் இன்னொரு கணக்கால் சரிபார்த்துக்கொள்ளலாம். குழம்பு வகைகளில் மொத்த எடைக்கு நூற்றில் ஒரு பங்கை ஒட்டி உப்பு இருந்தால் பெரும்பாலான நாக்குக்குச் சரியாக இருக்கும். சிலருக்கு அதற்குச் சற்றுக் கீழே. இந்தக் குறிப்பில் பருப்பு வேக அரை லிட்டர், புளி கரைக்க அரை லிட்டர், காய் வேக அரை லிட்டர் தண்ணீர் என்று வைத்து, காய்களையும் சேர்த்து, கொதித்து வற்றியதைக் கழித்தால் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே சாம்பார் நிற்கும். அதற்குப் 15 கிராம் உப்பு. தூள் உப்பானால் தலை தட்டிய இரண்டரை டீஸ்பூன். கல் உப்பில் கற்களுக்கு நடுவே காற்று இருப்பதால் அதே ஸ்பூனில் எடை குறைவாகவே ஏறும். பழைய குறிப்பில் "உப்பு 3 ஸ்பூன்" என்றிருந்து, எழுதியவர் கல் உப்புக்காரராக இருந்தால், இன்று தூள் உப்பில் அதே மூன்று ஸ்பூன் கரிக்கும். எந்த உப்பு என்பதும் அளவில் ஒரு பகுதி. இந்தக் கணக்கிலேயே குறிப்பு சொல்லாமல் விட்ட இன்னொன்றும் தெரிந்துவிடுகிறது. ஒன்றரை லிட்டர் சாம்பார் ஆறேழு பேருக்கு. எத்தனை பேருக்கு என்று எழுதாத குறிப்பைப் பாதியாகக் குறைக்கவும் முடியாது, இரட்டிப்பாக்கவும் முடியாது.

வரிசைக்கு வரலாம். அளவு தவறினால் நாக்கில் உடனே தெரியும். வரிசை தவறினால் அப்படித் தெரிவதில்லை. முருங்கைக்காய் வேகாமல் நார்நாராக இருந்தால் காய் முற்றல் என்று சொல்லிவிடுவோம், குறிப்பின்மேல் சந்தேகம் வராது. இந்தக் குறிப்பில் காய்களை நேராகப் புளிக் கரைசலில் போடச் சொல்லியிருக்கிறது. காய்களின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசைப்பொருள். சூட்டில் அது கரையக் கரையக் காய் மெதுவாகிறது. புளிப்பான நீரில் அது எளிதில் கரைவதில்லை. அதனால் புளியில் போட்ட முருங்கைக்காய், வெறும் தண்ணீரில் வேகும் நேரத்தைவிட மிக அதிக நேரம் கேட்கும். பருப்புக்கும் இதே விதிதான். அரைவேக்காட்டுப் பருப்பைப் புளியில் கொட்டிவிட்டு அங்கேயே வெந்துவிடும் என்று காத்திருப்பது வீண். கிணற்றிலோ ஆழ்துளைக் கிணற்றிலோ வரும் உப்புத்தண்ணீரிலும் பருப்பு வேக மறுக்கும்; அதில் உள்ள கால்சியம் அந்தப் பசையை இன்னும் இறுக்கிவிடுகிறது. உப்புப் போட்டால் பருப்பு வேகாது என்று பலர் சொல்வதுண்டு. வேகாமல் தடுப்பது பெரும்பாலும் புளிப்பும் கடினநீருமே. சமையல் உப்பின்மேல் அந்தப் பழி நியாயமாக விழவில்லை.

ஆனால் "காய் எல்லாம் வெந்த பிறகுதான் புளி" என்று ஒரே விதியாக எழுதிவிடுவதும் சரியாகாது. கத்திரிக்காய் வெறும் தண்ணீரில் சில நிமிடங்களில் குழைந்து, தோல் ஒரு பக்கம், சதை ஒரு பக்கமாகிவிடும். அதைப் புளியோடு சேர்த்துப் போட்டால், முருங்கைக்காய்க்குக் கெடுதலான அதே புளிப்பு கத்திரிக்காயின் உருவத்தைக் காப்பாற்றுகிறது. வெண்டைக்காய்க்கும் புளி நல்லது, வழவழப்பு குறையும். எனவே வரிசையைச் சரிபார்க்கும்போது ஒவ்வொரு பொருளுக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது பாத்திரத்தில் விழும் நொடியில் அங்கே என்ன இருக்கிறது, அது இதற்கு உதவுகிறதா, தடுக்கிறதா?

இந்தக் கேள்வியோடு குறிப்பை மீண்டும் நடந்து பார்த்தால் மற்ற இடறல்களும் தெரிகின்றன. பொடியைக் கொதிக்கும் கரைசலில் தூவினால் கட்டி தட்டும். சாம்பார்ப் பொடியில் பருப்பும் மல்லியும் அரைபட்டிருக்கின்றன; சூடு பட்டதும் மாவின் வெளிப்புறம் வெந்து ஒட்டிக்கொண்டு உள்ளே உலர்ந்த பொடி சிக்கிக்கொள்கிறது. ஆறிய புளித்தண்ணீரில் முன்கூட்டியே கரைத்து ஊற்றினால் இந்தத் தொல்லை இல்லை. வெங்காயத்தையும் தக்காளியையும் நடுவில் வதக்கிச் சேர்க்கச் சொல்கிறது குறிப்பு. அப்போது அடுப்பில் ஏற்கெனவே புளி கொதிக்கிறது. வதக்க இன்னொரு வாணலி வேண்டும். எழுதியவருக்கு இரண்டாவது அடுப்பு இருந்திருக்கலாம். வெங்காயத்தை முதலிலேயே அதே பாத்திரத்தில் வதக்கி, அதன்மேல் முருங்கைக்காயையும் தண்ணீரையும் சேர்த்தால் ஒரு பாத்திரம் மிச்சம். தக்காளியும் புளிப்புப் பொருள்தான் என்பதால் அது முருங்கைக்காய் வெந்த பிறகு, புளியோடு வருவது நல்லது.

பருப்பைக் கொட்டும் இடம் இந்தக் குறிப்பில் சரியாக இருக்கிறது. ஆனால் ஏன் என்று தெரிந்திருப்பது அவசியம். பருப்பு சேர்ந்ததும் குழம்பு கனத்துவிடுகிறது. அதன் பிறகு தீயைக் கூட்டிக் கொதிக்கவிட்டால் அடிபிடிக்கும். புளியிலும் பொடியிலும் பச்சை வாசனை மிச்சமிருந்தால் அதைப் போக்க அப்போது வழியில்லை. அதாவது பருப்பு விழும் நொடிக்கு முன்னாலேயே கொதி வேலை முடிந்திருக்க வேண்டும். இப்படித் திரும்ப முடியாத இடம் எந்தக் குறிப்பிலும் ஒன்றிரண்டு இருக்கும். அந்த இடங்களுக்கு முன்னால் "இதற்குள் இது முடிந்திருக்க வேண்டும்" என்று எழுதி வைப்பது புதியவருக்குப் பெரிய உதவி.

தாளிப்பு வரிசையைக் குறிப்பு எழுதவே இல்லை. நான்கு பெயர்களை அடுக்கிவிட்டுப் போய்விட்டது. அடுக்கிய வரிசையே போடும் வரிசை என்று வைத்துக்கொண்டால் இங்கே தற்செயலாகச் சரியாகிறது. கடுகுக்கு நல்ல சூடு வேண்டும். சூடு போதாத எண்ணெயில் அது வெடிக்காமல் ஊறி, கடித்தால் கசக்கும். வெந்தயம் சீக்கிரம் கருகும், கருகினால் சாம்பார் முழுதும் கசக்கும். ஆகவே கடுகு படபடவென்று வெடித்துச் சத்தம் அடங்கத் தொடங்கியதும் வெந்தயம், அது செம்மண் நிறம் காட்டத் தொடங்கியதுமே மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை மூன்றும் அடுத்தடுத்து. புள்ளி இல்லாமல் நின்ற பெருங்காயத்துக்கு இப்போது இடம் கிடைத்துவிட்டது.

மிக அதிகமாக ஏமாற்றுவது பதம். "நன்றாக", "பக்குவமாக", "வெந்ததும்", "கெட்டியானதும்" என்ற சொற்கள் தெரிந்தவருக்கு நினைவூட்டும், தெரியாதவருக்கு ஒன்றும் சொல்லாது. நேரத்தை எழுதிவிட்டால் தீர்ந்துவிடும் என்று தோன்றும். ஆனால் நேரம் அடுப்பையும் பாத்திரத்தையும் ஊரையும் பொறுத்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் சென்னையில் பத்து நிமிடத்தில் வேகும் முருங்கைக்காய் அங்கே கூடுதல் நேரம் எடுக்கும். "3 விசில்" என்பதோ நேரமும் அல்ல, சூடும் அல்ல. பெரிய தீயில் சிறிய குக்கர் சில நிமிடங்களில் மூன்று விசில் அடித்துவிடும். ஐந்து லிட்டர்க் குக்கரில் பாதி தண்ணீரோடு அதே மூன்று விசிலுக்கு அதைவிட வெகுநேரம் ஆகும். இரண்டிலும் பருப்பு ஒன்றுபோல் வெந்திருக்காது. "முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்து 8 நிமிடம்" என்று எழுதினால், குக்கருக்குள் சூடு நிலைபெற்ற பிறகு எண்ணுவதால் வேறுபாடு வெகுவாகக் குறைகிறது.

அதையும் ஓர் அடையாளத்தோடு சேர்த்தே எழுத வேண்டும். நேரம் எப்போது பார்க்கத் தொடங்க வேண்டும் என்று சொல்கிறது. அடையாளம் எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்கிறது. வெந்த பருப்பில் ஒன்றை இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் நடுவில் வெள்ளை மாவுப் பொட்டு இல்லாமல் பசையாக நசுங்க வேண்டும். முருங்கைத் துண்டைக் கரண்டி விளிம்பால் அழுத்தினால் பிளந்து, உள்சதை தோலிலிருந்து வழுக்கி வர வேண்டும். சின்ன வெங்காயம் வதங்கிவிட்டது என்பதற்கு, வெள்ளை போய்க் கண்ணாடிபோல் ஆகி விளிம்பில் லேசாகச் சிவப்பது அடையாளம். இவை எல்லாம் விரலும் கண்ணும் சோதிக்கக்கூடியவை.

"பச்சை வாசனை போனதும்" என்பதுதான் கடினமானது. பக்கத்திலேயே நின்று முகர்ந்துகொண்டிருப்பவருக்கு வாசனை சில நிமிடங்களில் பழகிவிடும். புளியின் பச்சை வாசனை போகாமல் இருந்தாலும் போய்விட்டதாகத் தோன்றும். அடுப்படியை விட்டு வெளியே போய் இரண்டு நிமிடம் கழித்து வந்து முகர்ந்தால் மூக்கு மறுபடி வேலை செய்யும். மூக்கோடு கண்ணுக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். புளியை ஊற்றியதும் ஒரு மரக் கரண்டியைப் பாத்திரத்தின் அடிவரை நேராக நிறுத்தினால் காம்பில் ஈரம் ஏறிய கோடு தெரியும். நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் போல் கொதித்து அந்தக் கோடு அரைவிரல் கீழே இறங்கியிருந்தால், மேலே படிந்த நுரை அடங்கி, விளிம்பில் சிறு எண்ணெய்த் துளிகள் மினுங்கத் தொடங்கியிருந்தால், பெரும்பாலும் பச்சை வாசனையும் போயிருக்கும். ஒரு சொட்டை ஆற்றி நாக்கில் வைத்தால் புளிப்பு குத்தாமல் பொடியின் காரத்தோடு சேர்ந்து வரும். மூன்று அடையாளங்களும் ஒன்றாகச் சொல்லும்போது நம்பிப் பருப்பைச் சேர்க்கலாம்.

"கெட்டியானதும் இறக்கவும்" என்ற வரி இந்தக் குறிப்பின் மிகப் பெரிய பிழை. சாம்பார் ஆற ஆற இறுகும் பொருள். அடுப்பில் இருக்கும்போதே சாப்பிடும் பக்குவத்துக்குக் கெட்டியாகிவிட்டால், இலைக்கு வரும்போது கூழாகிவிடும். நிறுத்த வேண்டிய அடையாளம், பின்னால் வரப்போகும் மாற்றத்தையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் தாராளமாக ஒழுக வேண்டும். கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலம் மட்டும் ஒட்டி நிற்க வேண்டும். பருப்பு சேர்த்து ஒரு கொதி வந்து பொங்கும் நேரத்தில் பார்த்தால் இது தெரியும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

நல்ல அடையாளம் எப்படி இருக்கும் என்பதற்கு நம் இனிப்புச் சமையலே முன்மாதிரி. ஒரு கம்பிப் பதம் என்ற பெயருக்குள் சோதனையும் விடையும் சேர்ந்தே இருக்கின்றன. பாகில் ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எடுத்துப் பிரித்தால் அறுந்துபோகாமல் ஒற்றை இழை நிற்க வேண்டும். அதிலும் விட்டுப்போகும் ஒரு வரி உண்டு: சோதிக்கும்போது தீயைத் தணிக்க வேண்டும். விரலில் இழை பார்க்கும் அரை நிமிடத்தில் பாத்திரத்தில் உள்ள பாகு அடுத்த பதத்துக்குப் போய்விடும்.

இவ்வளவும் திருத்திய பிறகு குறிப்பு, சாம்பாரே வைத்திராத ஒருவர் கைக்குப் போக வேண்டும். எழுதியவர் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது. சமைக்கிறவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் குறிப்பில் உள்ள ஒரு ஓட்டை. "மூடி போடணுமா?" என்று அவர் கேட்டால், முருங்கைக்காய் வேகும்போது மூடி உண்டு, புளி கொதிக்கும்போது மூடி இல்லை என்ற இரண்டு வரிகள் தாளில் ஏறும். கேள்விக்குப் பதில் சொல்லாமல் எழுதிக்கொள்வதுதான் இங்கே வேலை. பிடிக்காத முடிவு வந்தால் அடுத்த தடவை ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். புளியையும் பொடியையும் ஒரே நாளில் குறைத்தால், எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

அப்படித் திருந்திய குறிப்பு இப்படி அமையும். ஆறு பேருக்கு. துவரம்பருப்பு 140 கிராமைக் கழுவி அரைமணி ஊறவைத்து, அரை லிட்டர் தண்ணீர், கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், சில சொட்டு நல்லெண்ணெய் சேர்த்துக் குக்கரில் வைத்து, முதல் விசிலுக்குப் பின் தணிந்த தீயில் 8 நிமிடம். விரலில் நசுங்காவிட்டால் மேலும் 3 நிமிடம். அந்த நேரத்திலேயே புளி 25 கிராமை அரை லிட்டர் வெந்நீரில் கால்மணி ஊறவைத்துக் கரைத்து வடிகட்டி, ஆறியதும் தலை தட்டிய 3 டீஸ்பூன் சாம்பார்ப் பொடியைக் கட்டியில்லாமல் அதில் கலக்கி வைக்க வேண்டும். மூன்று லிட்டர்ப் பாத்திரத்தில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, தோலுரித்த சின்ன வெங்காயம் 100 கிராமைக் கண்ணாடிபோல் ஆகும்வரை வதக்கி, விரல் நீளம் நறுக்கிய முருங்கைக்காய் இரண்டு, அரை லிட்டர் தண்ணீர், தூள் உப்பு ஒரு டீஸ்பூன் சேர்த்து மூடி வேகவிட வேண்டும். 8 நிமிடத்தில் பார்க்கத் தொடங்கி, சதை தோலை விட்டு வழுக்கும்போது அடுத்ததற்குப் போகலாம். நான்காக வகுந்த கத்திரிக்காய் நான்கு, நறுக்கிய தக்காளி இரண்டு, பொடி கலந்த புளிக் கரைசல், இன்னொரு டீஸ்பூன் உப்பு. மூடாமல் பத்து நிமிடம் கொதித்து, காம்பில் கோடு அரைவிரல் இறங்கி, நுரை அடங்கி, வாசனை மாறியதும் கடைந்த பருப்பு. தணிந்த தீயில் ஒரு கொதி; கரண்டியிலிருந்து தாராளமாக ஒழுகும்போதே நிறுத்தம். உப்புப் பார்த்து, மிச்ச அரை டீஸ்பூன் தேவையானால் இங்கே. இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு ஒரு டீஸ்பூன், வெந்தயம் கால் டீஸ்பூன், மிளகாய் வற்றல் இரண்டு, பெருங்காயத்தூள் கால் டீஸ்பூன், கறிவேப்பிலை ஒரு ஈர்க்கு, அதே வரிசையில் தாளித்துக் கொட்டி, நறுக்கிய மல்லித்தழை ஒரு கைப்பிடி தூவி மூடி வைக்க வேண்டும்.

மல்லித்தழை மட்டும் கைப்பிடியாகவே இருக்கிறது. அதில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சாம்பார் கெடாது. எங்கே கிராம் வேண்டும், எங்கே கை போதும் என்று பிரித்துக் காட்டுவதும் குறிப்பு எழுதுகிறவரின் பொறுப்பே. பழைய தாளைக் கிழித்துவிடாமல் புதியதோடு சேர்த்து ஒட்டி, எந்தக் குக்கரில், எந்த டம்ளரில், எந்தப் பொடியில் சோதித்தது என்பதைத் தேதியோடு ஓரத்தில் எழுதி வைத்தால், பொடி மாறும் நாளில் எந்த எண்ணைத் தொட வேண்டும் என்பது அடுத்தவருக்குத் தெரியும்.